எதிர்முனைக்கு நம்ம குரல் கேட்கலை, கேட்டாலும் ரோபோ மாதிரி கேட்குது: உங்க அனுபவம் என்ன?

தஞ்சை மருமகள்

மாமனார் போன்ல காதுல வச்சுப் பேசினா எதிர்ல இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் புரியலையாம். கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி விட்டு விட்டு வருதாம். ஸ்பீக்கர்ல போட்டா நல்லா கேட்குது. அவருக்கு மத்தவங்க குரல் எப்பவும் தெளிவாத்தான் இருக்கு. சிம்மை மாத்தியும் பார்த்தாச்சு. இதே மாதிரி பார்த்தவங்க எப்படிச் சரி பண்ணினீங்க?

வேலூர் வேலு

டவர் பிரச்சினைதான், வேற ஒண்ணுமில்லை. ஏர்ப்ளேன் மோட் போட்டு அரை நிமிஷம் கழிச்சு எடுங்க. 5ஜி-யை 4ஜிக்கு மாத்துங்க. அப்பவும் சரியாகலைன்னா சார்ஜ் போடுற இடத்துக்குப் பக்கத்துல சின்ன ஓட்டை இருக்கும், அதுல ஊசியை விட்டு அழுக்கை எடுத்துடுங்க. முடிஞ்சது.

சர்வீஸ் டேபிள்

வேலு சார், ஏர்ப்ளேன் மோட் சரி. ஊசி மட்டும் வேண்டாம். ஓட்டைக்குள்ள மெல்லிசா ஒரு வலை, அதுக்குப் பின்னாடியே மைக். வலை கிழிஞ்சா தூசி நேரா உள்ள போகும், மைக்ல குத்துச்சுன்னா அதோட கதை முடிஞ்சது. சிம் ட்ரே ஓட்டைன்னு நினைச்சு பின்னை மைக் ஓட்டையில விட்டுட்டு வர்ற போன்களே நிறைய.

அக்கா, உங்க கேஸ்ல டவரைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. டவர் மோசம்னா ஸ்பீக்கர்ல போட்டாலும் மோசமாத்தான் இருக்கும். பல மாடல்கள்ல காதுல வச்சுப் பேசும்போது கீழ் மைக் முக்கியம், ஸ்பீக்கர் போட்டதும் மேல் மைக்குக்கு மாறிடும். கீழ ஒலிபெருக்கி பக்கத்துலயே கத்திட்டு இருக்கும், அதனாலதான். ஸ்பீக்கர்ல சரி, காதுல வச்சா மோசம்னா முதல் சந்தேகம் கீழ் மைக் மேலதான்.

விட்டு விட்டு வர்றதுக்கும் காரணம் இருக்கு. கால் பேசும்போது மேல் மைக்கும் சும்மா இருக்காது, சுத்துப்புற இரைச்சலைக் கேட்டுட்டே இருக்கும். கீழ் மைக்ல சத்தமா வர்றது வாயில இருந்து வர்ற குரல், ரெண்டுலயும் ஒரே அளவுல வர்றது இரைச்சல். சாஃப்ட்வேர் இப்படிக் கணக்குப் போட்டு இரைச்சலை வெட்டும். கீழ் ஓட்டை அடைச்சா அங்க குரல் சன்னமாகி ரெண்டும் சமமாயிடும். அப்போ அவரோட குரலையே இரைச்சல்னு நினைச்சு வெட்டிடும். எதிர்ல கேட்கிறவங்க இதையும் ‘ரோபோ’ன்னுதான் சொல்வாங்க.

சோதிக்க ரெக்கார்டர் ஆப் போதும். ஏர்ப்ளேன் மோட்ல போட்டு ரெக்கார்ட் பண்ணுங்க. பேசிட்டே கீழ் ஓட்டைக்குப் பக்கத்துல நகத்தால லேசா சுரண்டுங்க, அப்புறம் மேல் ஓட்டைக்குப் பக்கத்துல. திரும்பக் கேட்கும்போது வேலை செய்யுற மைக் பக்கம் சுரண்டல் ‘கரகர’ன்னு பெருசா வரும். கீழ சுரண்டினது சன்னமாவோ வராமலோ இருந்தா விஷயம் அங்கதான். ஷாவ்மி, ரெட்மி போன்னா டயலர்ல இதை அடிச்சா சோதனை மெனு வரும், மைக் சோதனையும் அதுல இருக்கும்:

```
*#*#6484#*#*
```

கோமதி சுரேஷ்

எனக்கும் இதே தொல்லைதான்! எதிர்ல பேசுறவங்க குரல் ரொம்பச் சன்னமா வருது, ஃபுல் வால்யூம் வச்சும் கேட்கலை. நானும் அந்தக் கீழ் ஓட்டையைச் சுத்தம் பண்ணினா போதுமா?

சர்வீஸ் டேபிள்

உங்களுக்கு நேர்மாறு அம்மா. நீங்க பேசுறது அவங்களுக்குக் கேட்குது, அவங்க குரல்தான் உங்களுக்கு வரலை. அது மேல காதுகிட்ட இருக்கிற இயர்பீஸ் வலை. டெம்பர்ட் கிளாஸ் ஓரத்துல முகப்பவுடரும் எண்ணெயும் சேர்ந்து அடைச்சிருக்கும். கிளாஸைக் கழட்டி, காய்ஞ்ச மெல்லிய டூத்பிரஷால போனைக் கவிழ்த்துப் பிடிச்சு தேய்ங்க.

தஞ்சை அக்காவுக்கும் அதே பிரஷ்தான், கீழ் ஓட்டையில. தண்ணி, சானிடைசர், ஊதுறது எதுவும் வேண்டாம். ஊதினா எச்சில் ஈரம்தான் உள்ள போகும்.

தஞ்சை மருமகள்

கவரைக் கழட்டிட்டு ரெக்கார்ட் பண்ணினேன், கீழ சுரண்டினது நல்லா கேட்டுச்சு. கவரோட பண்ணினா மங்கலா வருது. கவர்ல அந்த ஓட்டை கொஞ்சம் தள்ளி இருக்கு! கவர் இல்லாம ஊர்ல மச்சினருக்குக் கூப்பிட்டாரு, முன்னைக்கு எவ்வளவோ பரவாயில்லைன்னு சொன்னாங்க. ஆனா நடுவுல ஒரு தடவை குரல் இழுத்து இழுத்து, உலோகத்துல தட்டுற மாதிரி ஆயிடுச்சாம். அது என்ன?

டவர் அடியில்

அந்த இழுவை வேற ஜாதி. வேலு சொன்ன டவர் இங்கதான் வருது.

4ஜி காலில் குரலை 20 மில்லி செகண்ட் துண்டுகளா அனுப்புறாங்க, ஒரு செகண்டுக்கு 50 துண்டு. வழியில ஒண்ணு ரெண்டு தொலைஞ்சா அந்தப் பக்க போன் முந்தின துண்டையே நீட்டி இடைவெளியை நிரப்பும். இழுவையா உலோகமா கேட்கிறது அதுதான். வரிசையா நிறைய தொலைஞ்சா நிரப்ப எதுவும் இருக்காது, முழு நிசப்தம்.

அவருக்கு மட்டும் தெளிவா கேட்கிறதுக்குக் காரணம், டவர் பல வாட் சக்தியில அனுப்புது, 4ஜி போன் அதிகபட்சம் 200 மில்லிவாட்தான். அதனால டவரோட குரல் போனுக்கு வந்துடும், போனோட குரல் டவருக்குப் போய்ச் சேராது. திரையில இருக்கிற சிக்னல் கோடும் போன் வாங்குறதைத்தான் காட்டுது, அனுப்புறது எப்படின்னு காட்டாது. Settings-ல About phone, Status, SIM status போய் dBm எண்ணைப் பாருங்க. மைனஸ் 90-க்குப் பக்கம்னா நல்லது, மைனஸ் 115-ஐத் தாண்டினா உள்ளறையில பேசாதீங்க, ஜன்னல் பக்கம் வாங்க.

வீட்டுல வைஃபை இருக்கா? Wi-Fi calling ஆன்ல இருந்தா அதையும் பாருங்க. போட்டோ பேக்கப், சிசிடிவி எல்லாம் அப்லோட் வழியை அடைச்சா இதே இழுவை வரும். வைஃபையை அணைச்சுட்டு அதே இடத்துல பேசிப் பாருங்க, வித்தியாசம் உடனே தெரியும். சிக்னல் செத்த வீடா இருந்தா மட்டும் Wi-Fi calling-ஐ நிறுத்தாதீங்க, ரவுட்டர் பக்கத்துல வந்து பேசுங்க.

வேலூர் வேலு

அப்ப நான் சொன்னது பாதி சரி!

சர்வீஸ் டேபிள்

பாதி சரி சார், ஊசி போக. பிரிச்சுப் பார்க்க ஒரு வழி: இடம் மாறினாலும் நேரம் மாறினாலும் ஒரே மாதிரி மோசம்னா போன். ஒரு அறையில சரி, இன்னொரு அறையில மோசம்னா நெட்வொர்க். ஒண்ணு கவனிங்க, ரெக்கார்டர் ஆப் பெரும்பாலும் அந்த இரைச்சல் வெட்டுற வேலையைச் செய்யாது. ரெக்கார்டிங் தெளிவா இருந்து, எல்லா இடத்துலயும் கால் மட்டும் மோசம்னா, மேல் மைக்கை கவரோ விரலோ மூடுதான்னு பாருங்க.

பாண்டி ராஜா

என் கேஸ் இதுல எதுலயும் சேரலை. முழு நிசப்தம், ஆனா சாயங்காலம் மட்டும். கவர் இல்லை, வைஃபை இல்லை, சிக்னல் மைனஸ் 88. வாட்ஸ்அப் காலும் அப்போ அப்படித்தான்.

டவர் அடியில்

ப்ளூடூத் பார்த்தீங்களா? வண்டி ஹெல்மெட், இயர்பட்ஸ் ஏதாவது வீட்டுக்குள்ள ஆன் ஆகி இணைஞ்சிருந்தா மைக் அதுக்குப் போயிடும். கால்ல இருக்கும்போது ஸ்பீக்கர் பட்டனைத் தொட்டா எது தேர்வாகியிருக்குன்னு காட்டும்.

பாண்டி ராஜா

ப்ளூடூத் ஆஃப்தான். பழைய சிம் வேற போன்ல போட்டா சாயங்காலமும் கேட்குது.

சர்வீஸ் டேபிள்

வாட்ஸ்அப்லயும் வருதுன்னா போன் பக்கம்தான் சந்தேகம். சாயங்காலம் போன் சூடா இருக்கா, சார்ஜ்ல இருக்கா? பல மாடல்கள்ல கீழ் மைக் சார்ஜிங் போர்டு மேலயே இருக்கும், ஈரம் பட்ட போர்டு அப்பப்ப இப்படி மக்கர் பண்ணும். எதிர்ல குரல் கேட்காம போற நேரத்துலயே ரெக்கார்டர் சோதனையும் பண்ணுங்க, அப்புறம் கழட்டலாமான்னு பார்க்கலாம்.