முழுக்க வங்கிக் கடனில் செய்யும் திட்டத்துக்கு ஏன் 9% வைத்துக் கணக்குப் போடக் கூடாது?

இளவேனில்:
புது இயந்திரம் ஒன்றில் இன்று 100 போட்டால், வரி போக ஓராண்டில் 110 வரும் என்பது எங்கள் மதிப்பீடு. அந்த 100-ஐயும் வங்கி 9% வட்டிக்குத் தரத் தயார். ஆனால் நிதிப் பிரிவு 11.7% டிஸ்கவுண்ட் ரேட் போட்டு, நிகர இன்றைய மதிப்பு மைனஸ் 1.5 என்று கோப்பைத் திருப்பிவிட்டது. பங்கு மூலதனம் 60%, கடன் 40%, வரி 25% என்று வைத்து அவர்கள் போட்ட கணக்கு:

```
0.60 × 15% + 0.40 × 9% × (1 − 0.25) = 11.7%
```

பங்குதாரர் பணம் ஒரு காசுகூட இதில் இல்லையே. அவர்கள் எதிர்பார்க்கும் 15% எதற்கு உள்ளே வருகிறது?

பேரேடு:
இந்தத் தடவை கடனை வாங்கிவிட்டால் அடுத்த தடவை வங்கி கை விரிக்கும். அப்போது பங்கு மூலதனத்தைத்தான் தேட வேண்டும். அதனால்தான் சராசரி.

இளவேனில்:
அடுத்த திட்டமே இல்லையென்றால் 9% சரியா?

மருதம்:
அப்போதும் சரியில்லை. 110 என்பது சராசரிதானே? நன்றாக ஓடினால் 130, படுத்தால் 90, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று வையுங்கள். வரியை இப்போதைக்கு விடுவோம். வங்கிக்கு எப்படியும் 109 கட்டியாக வேண்டும். 90 மட்டும் வந்தால் மீதி 19 எங்கிருந்து வரும்? உங்கள் மற்றத் தொழில்களின் லாபத்திலிருந்து, அதாவது பங்குதாரர் பையிலிருந்து. அவர்கள் பணம் போடவில்லை, ஜாமீன் நிற்கிறார்கள்.

இதே திட்டத்தைத் தனி நிறுவனமாக்கி, வேறு ஈடு இல்லாமல் 100-ம் கேட்டுப் பாருங்கள். மோசமான ஆண்டில் வங்கிக்கு 90தான் கிடைக்கும். சராசரியாக 109 தேற, நல்ல ஆண்டில் 128 வாங்க வேண்டும். வட்டி 28% ஆகிறது! அந்த 9% உங்கள் நிறுவனத்தை நம்பிச் சொன்ன விலை, இயந்திரத்தை நம்பி அல்ல. பேரேடு சொன்ன காரணத்திலும் உண்மை இருக்கிறது, ஆனால் அது பாதிதான்.

தறிநாடா:
நான் சராசரி வீதம்தான் போட்டேன், ஆனால் எந்தத் திட்டமும் தேறவில்லை. வட்டியைக் கழித்த பிறகு மிஞ்சும் பணவரத்தைத்தான் எடுத்தேன்.

மருதம்:
அங்கேதான் சிக்கல். வட்டியின் செலவு 11.7%-க்குள்ளேயே இருக்கிறது. பணவரத்திலும் கழித்தால் இரண்டு முறை கழித்ததாகிறது. உங்கள் தாளில் பணவரத்துக்கு மேல் 'வட்டி' என்று ஒரு வரிசை இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். வட்டியால் மிச்சமாகும் வரியையும் அங்கே சேர்க்க வேண்டாம், அது வீதத்திலேயே வந்துவிட்டது.

இளவேனில்:
புரிகிறது. ஆனால் எங்கள் மற்றத் தொழில்களைவிட இந்த இயந்திரத்தில் ஆபத்து குறைவு. பாதி உற்பத்திக்கு முன்கூட்டியே ஆர்டர் இருக்கிறது.

மருதம்:
அப்படியானால் 11.7% இதற்கு அதிகமாக இருக்கலாம். அது நிறுவனம் முழுவதற்குமான சராசரி ஆபத்துக்கான வீதம். இதே மாதிரித் தொழிலை மட்டும் செய்யும் நிறுவனங்களின் பங்கு சந்தையோடு சேர்ந்து எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்த்து, அதிலிருந்து தனி வீதம் எடுக்கச் சொல்லுங்கள். 10%-க்குக் கீழே வந்தால் திட்டம் தேறும்.

பேரேடு:
மீதிப் பாதிக்கு ஆர்டர் இல்லையே. எவ்வளவு குறைப்பது என்று யார் முடிவு செய்வது?

இளவேனில்:
நிதிப் பிரிவிடம் அதைத்தான் கேட்கப் போகிறேன்.