டிஜெனரேட் நிலை: 'சிதைந்த நிலை' வேண்டாம், வேறு என்ன?

ரோஸ் ஹில், ஆசிரியை:
எல்லோருக்கும் வணக்கம். பாடத்தாள் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. மெல்லிய மின்புலத்தில் ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் எவ்வளவு நகரும் என்பதுதான் பாடம். பெர்டர்பேஷனுக்கு 'உலைவு' என்று போட்டுவிட்டேன். ஒரே ஆற்றலில் பல நிலைகள் இருப்பதைச் சொல்லும் டிஜெனரேட் என்பதற்குக் கையில் இருப்பது 'சிதைந்த நிலை'. பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு, அணு கதிரியக்கத்தில் சிதைகிறது என்று எழுதுகிறார்கள்.

டர்பன்:
தங்கச்சி, உலைவு அருமையான சொல். "உலைவின்றித் தாழாது உஞற்றுபவர்" என்று குறளிலேயே இருக்கிறது. சோறு பொங்கும் உலையும் அதே வேர்தான் என்பது என் எண்ணம்: உள்ளே நீர் அலைகிறது, பானை உடைவதில்லை. 'குலைவு' என்றால் பானையே போய்விடும்.

ரீயூனியன், சென் தெனி:
பிரெஞ்சிலும் தெஜெனெரே என்றுதான் படித்தோம். ஆனால் இந்தச் சொல் இங்கே எதற்கு? 1s நிலையில் முதல் வரிசைத் திருத்தம் பூச்சியம். 2s-க்கும் அதே கணக்குப் போட்டால் பூச்சியம்தானே?

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
1s பற்றிச் சொன்னது சரி, தம்பி. 2s-இல்தான் இடறுகிறது. 2s-உம், m=0 உள்ள 2p-யும் ஒரே ஆற்றலில் இருப்பதால் இரண்டையும் எந்த விகிதத்தில் கலந்தாலும் அதுவும் நிலைதான். எந்தக் கலவை என்பதைப் புலமே தேர்ந்தெடுக்கிறது. 2s-ஐ மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் பூச்சியம் வருவது, தவறான கலவையிலிருந்து தொடங்கியதால். புலம் இரண்டையும் இணைக்கும் உறுப்பின் அளவு 3eFa₀; e எலக்ட்ரானின் மின்னூட்டம், F புலத்தின் வலிமை, a₀ போர் ஆரம். சரிபாதிக் கலவைகள் இரண்டில் ஒன்று அவ்வளவு ஏறும், மற்றது அவ்வளவு இறங்கும். m=±1 இரண்டும் அசையாது. ஆக நான்கு நிலைகள் மூன்று மட்டங்களாகின்றன. F = 10⁶ V/m என்றால் நகர்வு சுமார் 1.6×10⁻⁴ eV.

10⁴ V/m-இல் இந்தக் கணக்கு நிற்காது. அங்கே 3eFa₀ வெறும் 1.6×10⁻⁶ eV. ஆனால் லாம்ப் நகர்வு 2s-ஐயும் அதன் பக்கத்து 2p-யையும் ஏற்கெனவே சுமார் 4.4×10⁻⁶ eV பிரித்து வைத்திருக்கிறது. அவற்றைச் சமம் என்று கொள்ள முடியாது. புலத்தை இரட்டித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: நகர்வும் இரட்டித்தால் மேலே சொன்ன கணக்கு, ஏறத்தாழ நான்கு மடங்கானால் லாம்ப் நகர்வு பிரித்து வைத்த இந்த நிலைமை.

அதனால் சொல்லில் 'ஒரே ஆற்றல்' என்பது தெரிய வேண்டும். 'சம ஆற்றல் நிலைகள்' போதும்.

டர்பன்:
சமம் வடசொல் ஆயிற்றே. 'ஒத்த ஆற்றல்' என்று வையுங்கள்.

ரோஸ் ஹில், ஆசிரியை:
ஐயா, எங்கள் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுபவர்கள். 'சமம்' கணக்குப் பாடத்திலேயே அவர்களுக்குப் பழகிய சொல், அதையே அச்சுக்கு அனுப்புகிறேன். ஆனால் ஒரு வாக்கியம் இன்னும் இடிக்கிறது: புலம் வந்ததும் டிஜெனரசி போய்விடுகிறது என்பதை 'சமம் பிரிகிறது' என்று எழுதலாமா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
பிரிவது மட்டம், சமம் அல்ல. 'சமம் நீங்குகிறது' என்று எழுதலாம்.

டர்பன்:
'ஒப்பு நீங்குகிறது' என்றால் இன்னும் அழகு. என் வகுப்பில் அப்படித்தான் சொல்வேன்.