ஏஸ் ஆஃப் கப்ஸ் வந்த வாரத்தில் நான் அனுப்பாத செய்தி

காட்பாடிப் பெண்:
நான்கு வருடப் பழக்கம் போன ஆடியில் முறிந்தது. தையில் அவருடைய கல்யாணப் பத்திரிகையை வேறொருவர் கையில் பார்த்தேன். அப்போதும் அழுகை வரவில்லை. சோறு மட்டும் இறங்கவில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குறி பார்க்கும் டாரட் கட்டிலிருந்து மூன்று சீட்டு எடுத்தேன். கடந்தது என்ற இடத்தில் ஃபைவ் ஆஃப் கப்ஸ், இப்போது என்ற இடத்தில் ஏஸ் ஆஃப் கப்ஸ், கவனி என்ற இடத்தில் ஃபோர் ஆஃப் கப்ஸ். ஏஸைப் பார்த்ததும் அழுதேன், ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு. மறுநாள் காலை யாரும் சொல்லாமலே வாசலில் கோலம் போட்டேன்.

அந்த வாரமே ராணிப்பேட்டை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர் என் டிபன் பாக்ஸில் இருந்த முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சீட்டு சொன்ன ஆள் இவர்தான் என்று முடிவே செய்துவிட்டேன். இரவு நீளமாக ஒரு செய்தி தட்டச்சு செய்து, அனுப்புவதற்கு முன் இவரிடம் என்ன பிடிக்கிறது என்று நோட்டில் எழுதிப் பார்த்தேன். ஐந்து வரி வந்தது. நான்கு வரி “அவனைப் போல் இவர் இல்லை” என்ற வகை. ஐந்தாவது, குழம்பு. செய்தியை அழித்துவிட்டேன். நான் செய்தது சரியா?

ஆற்காட்டுத் தம்பி:
தப்பு செய்துவிட்டீர்கள் அக்கா! கப்ஸ் என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் மனசு. ஏஸ் என்றால் ஒன்று, அதனால் ஒரு மாதத்துக்குள் ஆள் வருவார். வந்தும் விட்டார். ஃபோர் ஆஃப் கப்ஸில் மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு, நீட்டிய கோப்பையைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பவன் யார்? நீங்கள்தான்.

ஆரணி பெரியவர்:
பிரிவின் வலி எனக்குத் தெரியும் அம்மா. எங்கள் தறியும் வீடும் பாகம் பிரிந்தபோது என் தம்பி பத்து வருடம் பேசவில்லை. எனக்கும் இந்தச் சீட்டு வந்தது, ஆனால் தலைகீழாக. கோப்பை கவிழ்ந்தால் சொத்து கைவிட்டுப் போகும் என்று பொருளா?

சத்துவாச்சாரி அக்கா:
ஐயா, கப்ஸில் சொத்தைத் தேடாதீர்கள், அதற்குக் காசுச் சீட்டுகள் இருக்கின்றன. கவிழ்ந்த ஏஸ் பெரும்பாலும் வெளியே காட்டாமல் அடக்கிய பாசத்தைத்தான் சொல்லும். தம்பிக்கு ஒரு போன் செய்யுங்கள்.

காட்பாடித் தங்கைக்கு: அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பார். 1909இல் வெளிவந்த ரைடர் சீட்டுக்கட்டில் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தது. மேகத்திலிருந்து ஒரு கை, உள்ளங்கையில் கோப்பை, மேலே ஒரு புறா, கீழே குளத்தில் பூக்கள். மனித முகம் ஒன்றுகூட இல்லை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று கோப்பையை மாற்றிக்கொள்வது டூ ஆஃப் கப்ஸ். அது உனக்கு வரவில்லை. வந்திருந்தால் தம்பி சொல்வதில் பாதியாவது ஒப்புக்கொள்வேன். மாதக் கணக்கை அப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்த ஏஸ் உனக்கு அழுகையாக வந்தது, கோலமாக வந்தது. ஆள் வருவதற்கு முன்பே நீ சுரக்கத் தொடங்கிவிட்டாய். என் அம்மா ஊர் பள்ளிகொண்டா. கோடையில் பாலாற்று மணலில் முழங்கை ஆழம் தோண்டினால் தண்ணீர் கசியும். முதலில் வருவது கலங்கல். அதை இரண்டு மூன்று தடவை இறைத்துக் கொட்டிவிட்டு, தெளிந்த பிறகுதான் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவோம். உன் நோட்டில் இருந்த நான்கு வரியும் அந்தக் கலங்கல்தான்.

என்னிடம் வருகிறவர்களிடம் ஒன்று கேட்பேன்: அந்த ஆள் ஒரு வாரம் விடுப்பில் போனால் கோலம் நிற்குமா? நின்றால் அது ஊற்று இல்லை, வெளியிலிருந்து ஊற்றிய தண்ணீர். இன்னொன்று, வேண்டிய பதில் வரும்வரை திரும்பத் திரும்பச் சீட்டு எடுக்காதே. நான் ஒரே இரவில் ஒன்பது தடவை எடுத்திருக்கிறேன். ஒன்பதாவதில் டூ ஆஃப் கப்ஸ் வந்தது. அதை நம்பி நான் பட்டது போதும்.

ஆற்காட்டுத் தம்பி:
அப்படியானால் ஃபோர் ஆஃப் கப்ஸ்?

சத்துவாச்சாரி அக்கா:
அதில் எனக்கும் தயக்கம்தான். ஏஸில் கோப்பையை ஏந்திய மேகக் கைதான் அங்கேயும் வருகிறது. சும்மா இரு என்று எடுத்துக்கொள்ளலாம், முகத்தைத் திருப்பாதே என்றும் எடுத்துக்கொள்ளலாம். ஃபைவோடு சேர்ந்து வந்ததால் நான் முதலாவதைச் சொல்வேன். அங்கே கறுப்புப் போர்வைக்காரன் கொட்டிய மூன்றையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பின்னால் நிற்கும் இரண்டு இன்னும் அவன் கண்ணில் படவில்லை.

காட்பாடிப் பெண்:
அக்கா, அவர் திங்கள் முதல் சென்னைக் கிளைக்குப் பத்து நாள் போயிருக்கிறார். இன்று நான்காம் நாள். கோலம் போட்டேன், நேற்றையதைவிடச் சிறியது. டிபனுக்கு மறுபடி கத்திரிக்காய்தான். ஒரு கரண்டி கூடுதலாக எடுத்து வைத்திருக்கிறேன். யாருக்கு என்று எனக்கே தெரியவில்லை.

ஆரணி பெரியவர்:
தம்பி போனை எடுத்தான். “யாரு?” என்றான்.