போர் தண்ணீரில் துவைத்த துண்டும் வேட்டியும்: உங்கள் அனுபவம் என்ன?

மன்னார்குடி மருமகள்
என் பிறந்த வீடு திருவையாறு. அங்கே காவிரிப் படித்துறையில் துவைத்த துண்டு பழசானாலும் மெத்தென்று இருக்கும். இங்கே போர் தண்ணீர்தான். புதுத் துண்டே கொஞ்ச நாளில் அட்டை மாதிரி விறைத்துவிடுகிறது, ஈரத்தையும் சரியாக உறிஞ்சுவதில்லை. மாமாவின் வெள்ளை வேட்டி சாம்பல் பூத்துக் கிடக்கிறது. பவுடரைக் கூட்டிப் போட்டால் விறைப்பு கூடுகிறது. நீலம் போட்டால் வேட்டி இன்னும் மங்கலாகத் தெரிகிறது. இப்படி அவதிப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வேதாரண்யத்துக்காரன்
எங்கள் அடிபம்புத் தண்ணீரிலும் இதே கதைதான் அக்கா. பனியன் எல்லாம் மஞ்சள் மஞ்சளாகத் திட்டு விழும். ப்ளீச்சிங் பவுடர் போட்டுப் பார்த்தோம், திட்டு செம்மண் நிறத்துக்குப் போய்விட்டது.

கும்பகோணம் பெரியவர்
தம்பி, உங்களுடையது இரும்புக் கறை. ப்ளீச் பட்டால் அது இன்னும் அழுத்தமாகப் பிடிக்கும். அந்தம்மா கேட்பது வேறு.

நான் பட்டுநூல் சாயப் பட்டறையில் வேலை பார்த்தவன். தண்ணீர் சரியில்லாவிட்டால் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். அதனால் தண்ணீரைச் சோதிக்காமல் தொட்டியை நிரப்ப மாட்டோம். வீட்டிலேயே பார்க்கலாம் அம்மா. ஒரு பாட்டிலில் மழைத் தண்ணீர், இன்னொன்றில் போர் தண்ணீர். இரண்டிலும் குளியல் சோப்பைச் சீவி ஒரே அளவு போட்டுக் குலுக்குங்கள். மழைத் தண்ணீரில் நுரை நிற்கும். போர் தண்ணீரில் நுரை அடங்கி, தயிர் திரிந்த மாதிரி வெள்ளைத் துணுக்குகள் மிதந்தால் அது கடினத் தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து உண்டாகும் பிசுக்குதான் அந்தத் துணுக்கு. துணி இழைக்குள் உட்கார்ந்து அழுக்கையும் பிடித்துவைப்பது அதுதான்.

பவுடரில் வேறு கணக்கு. அதிலுள்ள சோடா, தண்ணீரின் சுண்ணாம்பைப் பிரித்துப் பொடியாகத் துணிமேலேயே படிய வைக்கும். பவுடர் குறைந்தால் வெளியேறிய அழுக்கு திரும்ப ஒட்டும். கூடினால் அலசலில் போகாமல் தங்கும். உங்கள் துண்டில் இரண்டும் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நாகை அத்தை
இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா! சலவை சோடா ஒரு கை அள்ளிப் பவுடரோடு போடும்மா, தண்ணீர் மிருதுவாகிவிடும். என் மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான்.

கும்பகோணம் பெரியவர்
சோடா தண்ணீரை மிருதுவாக்கும் என்பது சரிதான் அத்தை. ஆனால் துணியோடு சேர்த்துப் போட்டால், பிரிகிற சுண்ணாம்பு துணியில்தானே இறங்கும்? முதல் நாள் இரவே வாளித் தண்ணீரில் கரைத்து வையுங்கள். காலையில் அடியில் வெள்ளை வண்டல் தெரியும். மேல் தண்ணீரை மட்டும் மொண்டு துவைத்தால் பலன் கிடைக்கும்.

படிந்ததை எடுக்க, முதலில் பவுடர் போடாமல் சுடு தண்ணீரில் துண்டை அலசுங்கள். நுரையோ பால் நிறமோ வந்தால் அது பழைய பவுடர். தெளியும்வரை அலசுங்கள். அப்புறம் பத்து லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். சிமெண்ட் தரையில் கொட்டாதீர்கள், அரித்துவிடும். ப்ளீச்சை அதோடு சேர்க்கவே கூடாது, விஷவாயு கிளம்பும்.

முக்கியமானது ஒன்று: சோப்புப் பிசுக்கு புளிப்பில் உடைந்து எண்ணெய்ப்பசையாக மாறும். அதை வெறும் அலசலில் எடுக்க முடியாது. அதனால் கடைசியில் மழைத் தண்ணீரிலோ ஆற்றுத் தண்ணீரிலோ கொஞ்சம் பவுடர் போட்டு ஒருமுறை துவைத்து அலசுங்கள்.

மன்னார்குடி மருமகள்
ஐயா சொன்னபடியே செய்தேன். சுடு தண்ணீர் அலசலிலேயே அவ்வளவு நுரை வந்தது! துண்டு இப்போது ஈரத்தை உடனே உறிஞ்சுகிறது. காய்ந்ததும் லேசாக விறைக்கிறது, உதறினால் சரியாகிவிடுகிறது. வேட்டி மட்டும் பாதிதான் வெளுத்திருக்கிறது.

கும்பகோணம் பெரியவர்
காற்றில்லாமல் கொடியில் காய்ந்தால், நல்ல தண்ணீரில் துவைத்த துண்டும் கொஞ்சம் விறைக்கும். அதற்கு உதறல் போதும். வேட்டியில் ஆலையில் ஏற்றிய வெளுப்புப் பூச்சு தேய்ந்திருக்கலாம். போனது புளிப்பில் திரும்பாது.

நாகை அத்தை
நீங்கள் சொன்ன மாதிரி இரவே சோடா கரைத்து வைத்தேன். வண்டல் இறங்கியது. ஆனாலும் மேல் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்கவில்லையே?

கும்பகோணம் பெரியவர்
மக்னீசியம் கூடின தண்ணீராக இருக்கலாம். சோடா சுண்ணாம்பை இறக்குகிற அளவுக்கு அதை இறக்காது. கடலோரத்தில் உப்பு ஏறிய போர்களில் அதற்கு வாய்ப்பு அதிகம். நாகைப் பக்கம் வேறு யாராவது வீட்டில் தண்ணீரை மிருதுவாக்கும் சாஃப்ட்னர் கருவி வைத்திருந்தால், அங்கே எப்படி வேலை செய்கிறது என்று எழுதுங்கள்.