வாய்ஸ் நோட்டிலிருந்து சைட் ரிப்போர்ட்: நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

ரசமட்டம்

ஸ்லாப் கான்கிரீட்டுக்கு முந்தைய நாள் கம்பி செக்கிங் நடக்கும். சைட்டில் நிற்கும் சூப்பர்வைசர் நடந்துகொண்டே பேசி வாட்ஸப்பில் அனுப்புவார். அலுவலகத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டு ரிப்போர்ட் தயாரிப்பது என் வேலை. மறுநாள் காலையில் ரெடிமிக்ஸ் வண்டி வந்துவிடும் என்பதால், எல்லாம் அன்று இரவுக்குள் முடிய வேண்டும்.

எழுதுவது பெரிய வேலை இல்லை. அவர் சொன்னதற்கும் சொல்லாததற்கும் நடுவில் கோடு போடுவதுதான் கஷ்டம். அண்மையில் வந்த மூன்று நோட்டுகளை அப்படியே தருகிறேன்.

முதல் நோட்: "சார், மொத மாடி ரூஃப் ஸ்லாப் பார்த்துட்டேன். ஹால்ல மெயின் கம்பி எட்டு எம்எம், டேப் வச்சுப் பார்த்தேன், பத்து கம்பிக்கு ஒன்னரை மீட்டர் வருது, சரியா இருக்கு. கவர் பிளாக் எல்லாம் வச்சிருக்காங்க. பெட்ரூம்ல கொஞ்சம் அகலமா தெரியுது, நூத்தி எம்பது இருக்கும்."

இரண்டாவது: "பி த்ரீ காலம் பக்கத்துல பீம் ஸ்டிரப் நூத்தம்பதுலயே போட்டிருக்காங்க. டிராயிங்ல நூறு. மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன், சேர்த்துக் கட்டுறேன்னாரு."

மாலையில் மூன்றாவது: "சார், அந்த பெட்ரூம் சரி பண்ணிட்டாங்க. அப்புறம் காலைல சொன்ன பீம், அது டி த்ரீ சார், பி த்ரீ இல்ல."

இதைக் கேட்டதும் "எல்லாம் சரி, இரண்டு குறை இருந்தது, சரிசெய்யப்பட்டது" என்று எழுதத்தான் கை போகும். அப்படி எழுதினால் அது பொய்யான ரிப்போர்ட். ஸ்டிரப் சேர்த்துக் கட்டினார்களா என்று மூன்றாவது நோட்டில் ஒரு வார்த்தைகூட இல்லை. இடத்தை மட்டும்தான் திருத்தியிருக்கிறார்.

நான் போடும் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு குறைக்கும் ஒரு வரிசை. இடம், டிராயிங்கில் இருப்பது, சைட்டில் கண்டது, நிலை என்று எல்லோரும் போடும் கட்டங்கள்தான். கூடவே இரண்டு கட்டம் சேர்த்திருக்கிறேன். ஒன்று, "எப்படித் தெரிந்தது": அளந்ததா, கண்ணால் பார்த்ததா, இன்னொருவர் சொன்னதா. இன்னொன்று, எந்த நோட்டில் எத்தனையாவது விநாடியில் சொன்னார் என்பது. பெட்ரூம் வரிசையில் "180, கண்ணால்" என்று விழும். நிலை: "சரிசெய்ததாகச் சொன்னார், மறுபடி அளந்த கணக்கு இல்லை". ஸ்டிரப் வரிசை: "டி3 (முதலில் பி3 என்றார், மாலை நோட்டில் திருத்தினார்), நிலுவையில்". பழைய பி3-ஐ அழிக்க மாட்டேன். பி3-இல் யாராவது போய்த் தேடிப் பார்த்திருந்தால் காரணம் தெரிய வேண்டும்.

மற்றவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

மின்பாதை

நான் கட்டடத் துறை இல்லை, மின்கம்பப் பாதை பார்க்கிறவன். ரெக்கார்ட் பண்ண எந்த ஆப் நல்லது என்று கேட்கிறீர்கள் என நினைக்கிறேன். போனோடு வரும் ரெக்கார்டரே போதும். காற்றுதான் பிரச்சினை. வெட்டவெளியில் மைக்கில் காற்று அடித்தால் பாதி வார்த்தை போய்விடும். காற்றுக்கு முதுகைக் காட்டி, போனை வாய்க்குப் பக்கவாட்டில் பிடித்துப் பேசினால் பரவாயில்லை.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கம்பத்துக்கு ஒரு நோட். கம்ப எண்ணைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும், முடிக்கும்போது மறுபடி அதே எண். இன்சுலேட்டர் உடைந்திருக்கிறதா, ஸ்டே கம்பி தளர்ந்திருக்கிறதா, மரக்கிளை தொடுகிறதா, எது சொன்னாலும் அந்தக் கம்பத்தைத் தாண்டக் கூடாது. ஐந்து கம்பத்தை ஒரே மூச்சில் பேசி அனுப்பினால், நடுவில் "இதுலயும் அதே மாதிரிதான்" என்று வரும். எதிலே என்ன மாதிரி என்று அலுவலகத்தில் யாருக்கும் புரியாது.

ரசமட்டம்

ஆப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் தொடக்கத்திலும் முடிவிலும் இடத்தைச் சொல்வது எங்களுக்கும் பொருந்தும். "இதுலயும் அதே மாதிரி" எங்களுக்கும் தினமும் வருகிறது.

காவிரிக்கரை

இவ்வளவு சிரமம் எதற்கு? பேச்சை எழுத்தாக்கும் வசதி இப்போது போனிலேயே இருக்கிறது. ஓடவிட்டால் எழுத்து வந்துவிடும், அதைக் கட்டத்தில் ஒட்ட வேண்டியதுதான். அப்புறம் கவர் விஷயம். ஸ்லாப்புக்கு 20 மி.மீ. என்று ஐ.எஸ். 456-லேயே இருக்கிறது. கவர் பிளாக் வைத்திருக்கிறார்கள் என்று அவர் சொல்லிவிட்டார். "கவர் 20, சரி" என்று போட்டுவிடலாமே.

தூக்குக்குண்டு

காவிரிக்கரை, எழுத்தாக்குவது பற்றி நீங்கள் சொல்வது பாதி சரி. நானும் அதைத்தான் முதலில் ஓடவிடுகிறேன், தட்டச்சு மிச்சம். ஆனால் வாக்கியம் கொஞ்சம் பிசகினால் நமக்குத் தெரிந்துவிடும், எண் பிசகினால் தெரியாது. மிக்ஸர் சத்தத்தில் "நூத்தம்பது" வெறும் "அம்பது" ஆகும், ஆங்கிலத்தில் சொன்னால் ஃபிஃப்டீன் ஃபிஃப்டி ஆகும். பி, டி, இ எல்லாம் காதுக்கு ஒன்றுதான், இவருடைய பி த்ரீ டி த்ரீ குழப்பமே அதற்குச் சாட்சி. அதனால் எண்ணும் கிரிட் எழுத்தும் வருகிற இடத்தை மட்டும் ஒலியை ஓட்டிக் காதால் கேட்டுத்தான் எழுதுகிறேன். கேட்டும் தெளிவில்லை என்றால் கட்டத்தில் கேள்விக்குறி. ஊகம் போடுவதில்லை.

கவருக்கு நீங்கள் சொன்னது சரியில்லை. 20 என்பது சாதாரணச் சூழலுக்கு. அதே அட்டவணையில் மிதமான சூழலுக்கு 30, கடற்கரை மாதிரிக் கடுமையான இடத்துக்கு 45. எந்தக் கட்டடம் எதில் வரும் என்று முடிவு செய்து டிசைனர் டிராயிங்கில் போட்டிருப்பார். அந்த எண் "டிராயிங்கில் இருப்பது" கட்டத்துக்குப் போகும். "சைட்டில் கண்டது" கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்? அவர் பிளாக்கைப் பார்த்தேன் என்றார், எத்தனை மி.மீ. பிளாக் என்று சொல்லவில்லை. சில சைட்டில் 20-ம் 25-ம் ஒரே குவியலில் கிடக்கும். "பிளாக் வைக்கப்பட்டுள்ளது, அளவு சொல்லப்படவில்லை" என்பதுதான் உண்மை.

ரசமட்டத்துக்கு இரண்டு கேள்வி. "பத்து கம்பிக்கு ஒன்னரை மீட்டர், சரியா இருக்கு" என்பதை 150 என்று ஏற்றுக்கொண்டீர்களா? பத்து கம்பி என்றால் நடுவில் ஒன்பது இடைவெளிதான். 1500-ஐ ஒன்பதால் வகுத்தால் 167 வருகிறது. அவர் எண்ணியது பத்து இடைவெளி என்றால்தான் 150. 167 என்றால் ஸ்லாப்பில் கம்பி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. அவர் பேசியதை வைத்து இரண்டில் எது என்று சொல்லவே முடியாது.

இரண்டாவது, டி3 காலம் பக்கத்தில் எந்த பீம்? கிரிட் புள்ளியில் இரண்டு திசையிலும் பீம் வந்து சேரும். டி3-லிருந்து டி4-க்குப் போகும் பீமா, சி3-லிருந்து வருவதா? மேஸ்திரி ஒன்றில் மட்டும் ஸ்டிரப் சேர்த்துவிட்டு முடித்தேன் என்பார்.

ரசமட்டம்

பத்து கம்பி விஷயத்தை அன்றே போன் போட்டுக் கேட்டேன். முதல் கம்பியை "ஒன்று" என்று எண்ணி ஆரம்பித்ததாகச் சொன்னார். அதாவது ஒன்பது இடைவெளி. மறுபடி அளக்கச் சொன்னதில் ஹாலிலும் கம்பி சேர்க்க வேண்டி வந்தது. அதிலிருந்து அவரிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: கணக்கை முடித்துச் சொல்லாமல், டேப்பின் பூஜ்யத்தை ஒரு கம்பியில் வைத்து அதை "பூஜ்யம்" என்றே எண்ணி, டேப் காட்டுவதை மட்டும் சொல்ல வேண்டும். வகுப்பதை இங்கே பார்த்துக்கொள்கிறேன்.

பீம் கேள்வி முக்கியமானது. இனி பீமுக்கு இரண்டு முனையும் சொல்லச் சொல்கிறேன்: "டி3–டி4 பீம், டி3 முனை" என்று.

சாரக்கட்டு

நான் அந்தப் பக்கம் நிற்கிறவன், பேசி அனுப்புகிறவன். உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஸ்லாப் கம்பி மேல் நடக்கும்போது ஒரு கையில் டேப், இன்னொரு கையில் டிராயிங். வெயிலில் போன் திரையும் தெரியாது. அதனால்தான் பேசுகிறோம். அலுவலகத்தில் சிலர் ரிப்போர்ட் கட்டம் எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த வரிசையில் பேசு என்கிறார்கள். முதலில் எல்லா ஸ்லாப், பிறகு எல்லா பீம், பிறகு கன்சீல்டு பைப். அப்படி நடக்க முடியாது. படிக்கட்டுப் பக்கம் ஏறினால் அங்கே இருக்கிற எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் நகருவேன். நான் நடக்கிற வரிசையில் பேசுகிறேன், பிரித்துக்கொள்வது உங்கள் வேலை.

ஆனால் ரிப்போர்ட்டை அனுப்புவதற்கு முன் எனக்குப் படித்துக் காட்டுங்கள். இது கோரிக்கை இல்லை, கட்டாயம் என்றே நினைக்கிறேன். நான் "பரவால்ல" என்றது "ஏற்கத்தக்கது" என்று எழுதப்பட்டு, என் பெயரில் போனது. நான் சொன்னது, முன்பு இருந்ததற்குப் பரவாயில்லை என்று.

தூக்குக்குண்டு

சாரக்கட்டு சொல்வது நியாயம். "பரவால்ல", "ஓகே", "சரியா இருக்கு" வந்தால் நான் அதை மேற்கோள் குறிக்குள் அவர் வார்த்தையாகவே போடுகிறேன், நிலை கட்டத்தைக் காலியாக விட்டு அவரிடம் கேட்கிறேன்: ஏற்கலாமா, சரிசெய்ய வேண்டுமா? இரண்டில் ஒன்று அவர் வாயிலிருந்து வர வேண்டும். படித்துக் காட்டுவது போனில் சீக்கிரமே முடிந்துவிடும், ஏனென்றால் காலியான கட்டங்களையும் கேள்விக்குறிகளையும் மட்டும் படித்தால் போதும்.

காவிரிக்கரை

கவர் பற்றி ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இத்தனை காலிக் கட்டத்தோடு ரிப்போர்ட் போனால் கன்சல்டன்ட் திருப்பி அனுப்புவார். எங்களுக்கு அது நடந்திருக்கிறது. முழுமையாக இருந்தால்தான் கான்கிரீட் போட அனுமதி.

தூக்குக்குண்டு

அனுப்பட்டும். காலிக் கட்டம் இருக்கிறது என்றால் யாரோ போய் அளக்க வேண்டியது பாக்கி என்று பொருள். கான்கிரீட் விழுந்த பிறகு அந்த ஸ்டிரப்பைப் பார்க்க வழி இல்லை.

மின்பாதை

ஒரு சந்தேகம். நோட் எண், விநாடி எல்லாம் குறிக்கிறீர்களே, அந்த ஒலிக் கோப்பை எங்கே வைக்கிறீர்கள்? என் போனில் `PTT-20250314-WA0007.opus` என்று விழுகிறது. பெயரில் தேதி மட்டும்தான், நேரம் இல்லை. அதையே இன்னொருவருக்கு அனுப்பினால் அவர் போனில் வேறு பெயர்.

ரசமட்டம்

அதனால்தான் வந்தவுடன் என் பக்கம் இறக்கி, சைட் பெயர், தேதி, சாட்டில் தெரியும் நேரம், வரிசை எண் என்று பெயர் மாற்றிவிடுகிறேன். ரிப்போர்ட்டில் அந்தப் புதுப் பெயர்தான் போகும். நேரம் முக்கியம், ஏனென்றால் மாலை நோட் காலை நோட்டைத் திருத்தும்போது எது பிந்தியது என்பதில் சண்டை வரக் கூடாது.

எத்தனை காலம் வைத்திருப்பது என்பதில்தான் எங்கள் அலுவலகத்தில் இன்னும் முடிவு இல்லை. ரிப்போர்ட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டதும் அழித்துவிடலாம் என்கிறார் ஒருவர். கட்டடத்தை ஒப்படைக்கும் வரை இருக்கட்டும் என்கிறேன் நான்.

சாரக்கட்டு

என் குரல் அதில் இருக்கிறது. அழிப்பதற்கு முன் என்னையும் கேட்டுவிடுங்கள். மேஸ்திரியோடு நான் பேசியதும் பின்னால் கேட்கும், அவருக்கும் அது தெரியாது.