200 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் கால் பேசும்போது இழுக்குது, ஏனுங்க?

திருப்பூர் மெர்ச்சு: வணக்கங்க. வீட்டிலிருந்தே எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு மெர்ச்சண்டைசிங் வேலை பார்க்கிறேன். போன மாசம் 50லிருந்து 200க்கு மாறினேன். ஸ்பீடு டெஸ்டில் டவுன்லோட் 190, அப்லோட் 20 காட்டுது, சினிமா நிற்காம ஓடுது. ஆனால் பையரோட வீடியோ கால் வந்தா, நான் பேசி முடிச்சு அரை விநாடி கழிச்சுத்தான் அவருக்குக் கேட்குது, ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிடறோம். காசு கூடக் கட்டியும் ஏன் இப்படி? எனக்குக் கம்ப்யூட்டர் விவரம் அதிகம் தெரியாது, புரியற மாதிரி சொல்லுங்க.

பவானி ஜமுக்காளம்: வைஃபையை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாத்துங்க, சரியாயிடும். இல்லைன்னா 300 பிளான் போடுங்க.

சங்ககிரி லாரி: அவசரப்பட்டு இன்னும் காசு கட்டாதீங்க அம்மணி. எங்க வீட்டுத் தொழிலை வெச்சே சொல்றேன். 200 எம்பிபிஎஸ்ங்கிறது ரோடு எத்தனை லாரி அகலம்ங்கிற கணக்கு. நீங்க கேட்கிறது, ஒரு லாரி கிளம்பிப் போய்த் திரும்பி வர எவ்வளவு நேரம்ங்கிறது. பெருந்துறை ரோட்டை எட்டு வழியாக்கினாலும் சேலம் ஒரு கிலோமீட்டர்கூடக் கிட்ட வராது. சினிமாவுக்கு லோடு நிறைய வந்தாப் போதும், பத்து விநாடி முன்னாடியே இறக்கி வெச்சுக்கும். காலுக்கு லோடு கம்மி, ஆனா சொன்ன நேரத்துக்கு வந்தாகணும்.

இப்ப இதைப் போட்டுப் பாருங்க, விண்டோஸில் cmd-ன்னு தேடினா வர்ற கருப்பு ஜன்னல் ரெண்டு திறந்து ஒண்ணில் ஒண்ணு:

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

முதலாவது உங்க ரூட்டர் வரைக்கும் (சிலதில் 192.168.0.1ஆ இருக்கும்), ரெண்டாவது வெளியே போய்த் திரும்பற நேரம். சும்மா இருக்கும்போது ஒரு தடவை, கால் இழுக்கும்போது ஒரு தடவை time-ன்னு வர்ற மில்லிவிநாடி எண்ணைப் போடுங்க.

காங்கேயம் காளை: எனக்கும் இதே பிரச்சினைங்க. சிங்கப்பூர் சர்வரில் கேம் ஆடறேன், எந்த பிளான் போட்டாலும் பிங் 45க்குக் கீழ இறங்கலை. இதையும் சரி பண்ண முடியுமா?

சங்ககிரி லாரி: @காங்கேயம் காளை உங்களது வேற கதை தம்பி. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சிங்கப்பூர் இங்கிருந்து நேர்கோட்டிலேயே 3000 கிலோமீட்டர் இருக்கு, போக 15, வர 15 மில்லிவிநாடி, கேபிள் சுத்திப் போறதுக்கு இன்னும் கொஞ்சம். 45 நல்ல எண்தான்.

திருப்பூர் மெர்ச்சு: போட்டுப் பார்த்தேன் அண்ணா. சும்மா இருக்கும்போது ரூட்டருக்கு 2, வெளியே 14. கால் இழுக்கும்போது ரூட்டருக்கு அதே 2 தான், வெளியே 410, 420ன்னு ஏறுது! அந்த நேரத்தில் சாம்பிள் போட்டோ ஃபோல்டர் தானா மேல ஏறிக்கிட்டிருந்துச்சு.

சங்ககிரி லாரி: அதுதாங்க. ரூட்டர் வரைக்கும் 2ன்னா வைஃபை மேல தப்பில்லை. தப்பு வீட்டை விட்டு வெளியே போற கேட்டில். உங்க டவுன்லோட் ரோடுதான் 200, அப்லோட் கேட் வெறும் 20. போட்டோ அனுப்பற புரோகிராம், லாரி ஒண்ணாவது ரோட்டில் தொலைஞ்சாத்தான் நெரிசல்னு தெரிஞ்சு வேகத்தைக் குறைக்கும். கேட்டில் இருக்கிற லைன் மோடமோ எதையும் தொலைக்காம அத்தனையையும் யார்டில் வரிசையா நிறுத்திடுது. ஒரு மெகாபைட் வரிசை நின்னா 80 லட்சம் பிட், 20 எம்பிபிஎஸ் கேட்டில் காலியாக 400 மில்லிவிநாடி. உங்க 14ஐக் கூட்டுங்க, 414. உங்க குரல் ஒரு டிவிஎஸ் 50ல் போற துண்டுச் சீட்டு, அத்தனை லாரிக்கும் பின்னாடி நிக்குது.

முதல்ல அந்த ஃபோல்டர் புரோகிராம் செட்டிங்கில் அப்லோட் வேகத்தை 10 எம்பிபிஎஸுக்குக் கட்டிப் போடுங்க. நிரந்தரமா வேணும்னா வரிசையை ஒழுங்கு பண்ற எஸ்க்யூஎம் வசதி இருக்கிற ரூட்டர் வாங்கி அப்லோடை 18ன்னு வைங்க. கேட்டை விடக் கொஞ்சம் குறுக்கினா வரிசை உங்க ரூட்டரிலேயே நிக்கும், அது சீட்டை முன்னாடி விட்டுடும். 20ன்னே வெச்சா பழையபடி வெளியே போய் நின்னுக்கும்.

பவானி ஜமுக்காளம்: அப்ப பெரிய பிளான் போட்டா கேட்டும் பெருசாகுமே?

சங்ககிரி லாரி: அப்லோடும் கூடினா வரிசை சீக்கிரம் கரையும், அது சரிதான். ஆனா பெரிய ஃபைல் ஏறினா எந்த கேட்டையும் அடைச்சிடும். டவுன்லோட் மட்டும் கூடற பிளானில் இதுக்குப் பிரயோஜனமே இல்லை.

திருப்பூர் மெர்ச்சு: 10க்குக் கட்டினேன், போட்டோ ஏறும்போதும் இப்ப 20, 25 தான். பகல் கால் சுத்தமா இருக்கு, ரொம்ப நன்றிங்க அண்ணா. ஆனா ராத்திரி எட்டரை மணிக்கு மேல எதுவுமே ஏறாதபோதும் வெளியே 80, 90ன்னு போகுது, ரூட்டருக்கு 2 தான்.

சங்ககிரி லாரி: அது உங்க கேட்டுக்கு அப்பால, தெருவே ஒரே நேரத்தில் கிளம்பற நெரிசலா இருக்கலாம். எஸ்க்யூஎம்மும் அங்கே கை வைக்க முடியாது. ஒரு வாரம் மணியோட எண்ணை எழுதி வெச்சு லைன்காரரிடம் காட்டுங்க. `tracert 8.8.8.8` போட்டு எத்தனையாவது வரியில் எண் ஏறுதுன்னு இங்கேயும் போடுங்க, பார்க்கலாம்.