புதுப்பிப்பு: எங்கள் கிளினிக்கின் கதவுப் பலகை

நான் கேட்டது: "நாய், பூனையைக் கொண்டுவருபவர்கள் வாசலிலேயே பதறுகிறார்கள். என்ன வாசகம் வைக்கலாம், கதவில் என்ன எழுதலாம்?"

எழுதிய எல்லாருக்கும் நன்றி. கிளிநொச்சியில் பலகை தொங்கி இரண்டு கிழமை. முதலில் ஒரு தம்பி சொன்ன "வலியில்லாச் சிகிச்சை"யைத்தான் போட்டோம், ஊசி குத்தியதும் நாய் கத்த, கூட வந்த அம்மா பலகையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார், அன்றே கழற்றிவிட்டேன். அப்புறம் மிருக வைத்தியரான அக்கா சொன்னதுதான் சரிவந்தது: ஆறுதல் சொல்வதைவிட அடுத்து என்ன செய்வது என்று சொல்லுங்கோ. இப்போது வாசகம் "நீங்களும் கூடவே இருக்கலாம்". கதவில் இப்படி:

"பெயரைச் சொல்லிவிட்டு நாயோடு வேப்பமர நிழலில் இருங்கோ, நாங்களே வந்து கூப்பிடுவோம். பூனைக் கூட்டைத் துணியால் மூடி மேசைமேல் வையுங்கோ. மூச்சுத் திணறலா, இரத்தமா? நேரே உள்ளே வாங்கோ."

எதிர்பாராதது ஒன்று: இரண்டு கையாலும் பிராணியை அணைத்து வருபவர் குனிந்தே வருகிறார், மேலே மாட்டிய பலகையை யாரும் பார்க்கவில்லை. கைப்பிடி உயரத்துக்கு இறக்கிய பிறகுதான் வாசித்தார்கள்.

மாட்டுக்கு ஊசி கேட்ட அண்ணா, அதற்கு அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போங்கோ.

சத்திரசிகிச்சையின்போது மட்டும் கூட இருக்க விட முடியாது, அதைப் பயமுறுத்தாமல் எப்படி எழுதுவது என்று இன்னும் பிடிபடவில்லை.